‘அஃப்ரெய்ட் ஃப்ரொம்’ என்று சொன்ன பிள்ளையைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு



சென்ற வாரம் எங்கள் ஊர் வட்ஸ்அப் குழுக்களில் ஒரு வீடியோ சுற்றித் திரிந்தது. ஒரு நிமிடம் கூட இல்லை. காலைக் கூட்டத்தில் தரம் ஒன்பது படிக்கும் பிள்ளை ஒருத்தி மைக்கைப் பிடித்துக்கொண்டு தன் குடும்பத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பேசுகிறாள். நானா கணக்கில் கெட்டிக்காரன் என்பதை ‘குட் இன் மெத்ஸ்’ என்றாள். வாப்பாவுக்கு அவன்மேல் கோபம் என்பதை ‘எங்ரி ஒன் ஹிம்’ என்றாள். மூத்தம்மாவுக்கு நாய் என்றால் பயம் என்பதை ‘அஃப்ரெய்ட் ஃப்ரொம் டோக்ஸ்’ என்றாள். அந்த மூன்றாவது வசனத்தில் பின்வரிசையில் யாரோ சிரித்த சத்தம் கேட்கிறது. வீடியோ அத்தோடு முடிகிறது.

அதன் கீழே சிரிப்புப் படங்கள் வரிசையாக விழுந்தன. “இதுதான் நம்ம ஸ்கூல் இங்கிலிஷ்” என்றார் ஒருவர். “டீச்சர்மார் என்ன படிப்பிக்கிறாங்க?” என்றார் இன்னொருவர். அந்தக் கேள்வி நியாயமானது, அதற்குக் கீழே பதில் சொல்கிறோம். ஆனால் அந்தப் பிள்ளை அன்றிலிருந்து ஆங்கிலப் பாடத்தில் வாய் திறக்கவில்லை. கேட்டால் தலையைக் குனிந்துகொள்கிறாள். அடுத்த மாத ஆங்கில தினப் போட்டிக்குக் கொடுத்திருந்த பெயரையும் வெட்டச் சொல்லிவிட்டாள். அவளுடைய உம்மா வந்து, “சேர், இவ அவ்வளவு மோசமாவா பேசினா?” என்று கேட்டார்.

இல்லை. அவ்வளவு மோசமாக அவள் பேசவில்லை. நம்மில் அந்த வீடியோவுக்குச் சிரித்தவர்களில் பாதிப்பேருக்கு, அவள் செய்த பிழை ஏன் பிழை என்று சொல்லவே தெரியாது. இதைக் கொஞ்சம் காரமாகச் சொல்கிறோம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த மூன்று வசனங்களையும் எடுத்துப் பார்ப்போம்.

நானாவைப் பற்றித் தமிழில் எப்படிச் சொல்வோம்? “நானா கணக்கில் கெட்டிக்காரன்.” கணக்கு என்ற சொல்லின் முடிவில் ‘இல்’ இருக்கிறது. ‘வீட்டில்’ என்றால் ‘இன் த ஹவுஸ்’, ‘பையில்’ என்றால் ‘இன் த பேக்’ என்று நாங்கள்தான் மூன்றாம் ஆண்டிலிருந்து சொல்லிக் கொடுத்தோம். அப்படியென்றால் ‘கணக்கில்’ என்பதற்கு அந்தப் பிள்ளை ‘இன் மெத்ஸ்’ என்று போடாமல் வேறு என்ன போடுவாள்?

“வாப்பாவுக்கு அவன்மேல் கோபம்.” ‘மேசை மேல்’ என்றால் ‘ஒன் த டேபிள்’. ஆகவே ‘அவன்மேல்’ என்றால் ‘ஒன் ஹிம்’. கணக்கு மாதிரிச் சரியாகத்தான் போட்டிருக்கிறாள். விடைதான் பிழை.

மூன்றாவதுதான் எங்களை யோசிக்க வைத்தது. தமிழிலே நாம் “நாய்க்குப் பயம்” என்போம், அல்லது “நாயைக் கண்டால் பயம்” என்போம். “நாயிலிருந்து பயம்” என்று ஊரில் யாரும் சொல்வதில்லை. அப்படியென்றால் ‘ஃப்ரொம்’ எங்கிருந்து வந்தது? பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டோம். முதலில் பேசவே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: “அரபில ‘மின்’தானே சேர் வரும்?”

அவள் அரபும் ஒரு பாடமாகப் படிக்கிற பிள்ளை. அரபியில் ‘பயந்தவர்’ என்ற சொல்லான ‘காயிஃப்’ வந்தால் அதன் பின்னே ‘மின்’ வரும். ‘மின்’ என்றால் ‘இலிருந்து’. ஆங்கிலத்தில் ‘ஃப்ரொம்’. தமிழில் உதவி கிடைக்காத இடத்தில் அவள் தனக்குத் தெரிந்த இன்னொரு மொழியிடம் போய்க் கேட்டிருக்கிறாள். இதில் இன்னொரு புதினமும் உண்டு. கோபத்துக்கு அரபியில் ‘காழிப்’ என்ற சொல்லோடு ‘அலா’ வரும், ‘அலா’ என்றால் ‘மேல்’. திறமைக்கு ‘மாஹிர்’ என்ற சொல்லோடு ‘ஃபீ’ வரும், ‘ஃபீ’ என்றால் ‘இல்’. அதாவது இன், ஒன், ஃப்ரொம் என்று அவள் சொன்ன மூன்றும் அரபியில் அப்படியே இருக்கின்றன. முதல் இரண்டுக்குத் தமிழும் சாட்சி சொல்கிறது. இரண்டு மொழிகள் ஒரே விடையைச் சொன்னால் எந்தப் பிள்ளைதான் அதை நம்பாது?

சிரித்தவர்களிடம் கேட்கிறோம். உங்களில் எத்தனை பேருக்கு இரண்டு மொழிகளின் இலக்கணம் மனதில் இருந்துகொண்டு மூன்றாவது மொழியில் வசனம் அமைக்க வரும்? வளைகுடாவில் பத்து வருடம் இருந்து வந்த நம் சகோதரர்கள் பலர், அங்கே அரபிகள் பேசுகிற ஆங்கிலத்தைக் கேட்டு இதே ‘அஃப்ரெய்ட் ஃப்ரொம்’ஐத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள். அவர்கள் சொல்லும்போது ஊர் சிரிப்பதில்லை, மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. தரம் ஒன்பது பிள்ளை சொன்னால் வீடியோ.

இன்னொன்றையும் பாருங்கள். பக்கத்துச் சிங்களப் பாடசாலைப் பிள்ளை இதே மூன்று விஷயத்தையும் எப்படிச் சொல்லும்? சிங்களத்தில் “எயா எக்க தரஹய்” என்பார்கள். ‘எக்க’ என்றால் ‘ஓடு’, ‘கூட’. ஆகவே அந்தப் பிள்ளை தன் மொழியை அப்படியே ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனாலும் ‘எங்ரி வித்’ என்று சரியாக விழும். அது அந்தப் பிள்ளையின் கெட்டித்தனம் இல்லை, அதிர்ஷ்டம். அதே பிள்ளை கணக்குக்கு வரும்போது “கணன்வலட்ட தக்ஷய்” என்று ‘கணக்குக்கு’ என்ற பொருளில் சொல்லிப் பழகியதால் அங்கே தடுக்கி விழும். ஒவ்வொரு மொழிக்காரரும் ஒவ்வொரு இடத்தில் விழுகிறார்கள். விழுந்த இடத்தைப் பார்த்தால் எந்த வீட்டிலிருந்து வந்தவர் என்று சொல்லிவிடலாம்.

நமக்கும் அந்த அதிர்ஷ்டம் சில இடங்களில் உண்டு. “எங்கட ஊர் எருமைத் தயிருக்குப் பேர்போனது” என்று அவள் கொப்பியில் எழுதியிருந்தாள், ஆங்கிலத்தில் ‘ஃபேமஸ் ஃபோர் கேர்ட்’ என்று. ‘தயிருக்கு’ என்பதில் உள்ள ‘கு’ ஆங்கிலத்தில் ‘ஃபோர்’ ஆனது. முற்றிலும் சரி. அதற்கு நாங்கள் ஒரு சரியடையாளம் போட்டுவிட்டுப் போய்விட்டோம். அடுத்த வரியிலுள்ள ‘குட் இன்’னுக்குச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டோம். இரண்டையும் அவள் ஒரே முறையில்தான் எழுதினாள். ஒன்று சரி, ஒன்று பிழை என்றால் ஏன் என்று அவளுக்கு நாங்கள் சொல்லவே இல்லை. இந்த இடத்தில்தான் “டீச்சர்மார் என்ன படிப்பிக்கிறாங்க” என்ற கேள்வி எங்களைச் சுடுகிறது.

உண்மையை ஒப்புக்கொள்கிறோம். நாங்கள் படிப்பிக்கிற முறையிலேயே பிழை இருக்கிறது. ‘இன் என்றால் உள்ளே, ஒன் என்றால் மேலே, அட் என்றால் அந்த இடத்தில், ஃப்ரொம் என்றால் இருந்து’ என்று ஒரு பெட்டியும் பந்தும் படம் கீறிப் படிப்பிக்கிறோம். பந்து பெட்டிக்குள்ளே இருந்தால் இன், பெட்டிக்கு மேலே இருந்தால் ஒன். இடத்தைச் சொல்வதற்கு அது நல்ல வழிதான். ஆனால் கோபம் எந்தப் பெட்டிக்கு மேலே இருக்கிறது? பயம் எங்கிருந்து வருகிறது? பெயரடைக்குப் பின்னால் வருகிற அந்தச் சின்னச் சொல்லுக்குப் பெட்டியும் இல்லை, பந்தும் இல்லை. அங்கே அதற்கென்று தனி அர்த்தம் தேடினால் பிள்ளை வழிதவறும்.

விஷயம் இதுதான். தமிழில் ‘இல்’, ‘மேல்’, ‘கு’ எல்லாம் பெயர்ச்சொல்லோடு ஒட்டிக்கொண்டு வருகின்றன. கணக்கில், அவன்மேல், நாய்க்கு. அதனால் நம் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் அந்தச் சின்னச் சொல் ‘மெத்ஸ்’க்கு உரியது, ‘டோக்ஸ்’க்கு உரியது என்று நினைக்கிறார்கள். ஆங்கிலத்தில் அது முன்னால் நிற்கிற பெயரடைக்கு உரியது. ‘குட்’ என்ற சொல் ‘அட்’டைக் கூட்டிக்கொண்டு வருகிறது. ‘அஃப்ரெய்ட்’ என்ற சொல் ‘ஒவ்’வைக் கூட்டிக்கொண்டு வருகிறது. ‘எங்ரி’ ஆளைச் சொன்னால் ‘வித்’தைக் கூட்டிக்கொண்டு வருகிறது. பின்னால் கணக்கு வந்தாலும் சரி, கிரிக்கெட் வந்தாலும் சரி, சமையல் வந்தாலும் சரி, அது ‘குட் அட்’தான்.

இதற்கு அத்தாட்சி வேண்டுமென்றால் கேள்வியாக மாற்றிப் பாருங்கள். “நீ எதற்குப் பயம்?” என்பதை ஆங்கிலத்தில் ‘வட் ஆர் யூ அஃப்ரெய்ட் ஒவ்?’ என்று கேட்போம். நாய் என்ற சொல்லே வசனத்தில் இல்லை, ஆனால் ‘ஒவ்’ போகவில்லை. ‘அஃப்ரெய்ட்’டோடு அப்படியே நிற்கிறது. தமிழில் அந்த உருபு ‘எது’ என்ற கேள்விச் சொல்லோடு ஒட்டிக்கொண்டு ‘எதற்கு’ என்று முன்னால் போய்விடுகிறது. இரண்டு மொழிக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு கேள்வியிலேயே தெரியும். ‘ஹூ ஆர் யூ எங்ரி வித்?’, ‘வட் இஸ் ஹீ குட் அட்?’ என்று பிள்ளைகளைக் கேட்க வைத்தால், அவர்களுடைய காது அந்த இரண்டு சொல்லையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். நாங்கள் இத்தனை வருடம் வெற்றிடம் நிரப்பும் பயிற்சி கொடுத்தோமே தவிர, இந்தக் கேள்விகளைக் கேட்க வைத்தது குறைவு.

டியூஷன் சேர்மாரிடமும் ஒரு வார்த்தை. ஓ.எல். பரீட்சைக்கு முந்தின மாதம் நீங்கள் கொடுக்கிற அந்தப் போட்டோகொப்பித் தாளைப் பார்த்திருக்கிறோம். அகர வரிசையில் அறுபது பெயரடைகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு பிரிபொசிஷன். ‘அஃப்ரெய்ட் ஒவ், எங்ரி வித், அஷேம்ட் ஒவ், அவெயார் ஒவ்’ என்று போகும். பிள்ளை அதைப் பாட்டு மாதிரிப் பாடமாக்கும். பரீட்சையில் ‘அஷேம்ட்’ வந்தால் ஒவ்வா வித்தா என்று தடுமாறும். ஏனென்றால் ஒன்றுக்கொன்று ஒட்டு உறவு இல்லாத சொற்களை ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினால் ஒன்று மற்றதன் மேல் ஏறிக்கொள்ளும். அறுபது பேரின் தொலைபேசி இலக்கத்தை ஒரே இரவில் பாடமாக்கச் சொன்னால் நாம் என்ன செய்வோம்? காசு வாங்கிக்கொண்டு கொடுக்கிற தாளில் ஆளுக்கொரு வசனமாவது எழுதிக் கொடுக்கலாம் அல்லவா?

“இதெல்லாம் பெரிய விஷயமா? சொல்ல வந்தது விளங்கினால் போதாதா?” என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். அந்தப் பிள்ளைக்காகப் பரிந்து பேசுகிற நல்ல மனதில்தான் கேட்கிறார்கள். ஆனால் அதையும் நாங்கள் ஏற்கவில்லை. ‘எங்ரி ஒன் ஹிம்’ என்றால் உலகத்தில் எல்லோருக்கும் விளங்கும், அது உண்மை. ஆனால் எல்லாப் பிழையும் அப்படி இல்லை. “அவன் வாப்பாவுக்குப் பயம்” என்று ஊரில் சொல்வோம். வாப்பா ஏசுவார், அடிப்பார் என்ற பயம். அதை ஒரு பிள்ளை ‘கு’வுக்கு ‘ஃபோர்’ போட்டு, ‘ஹீ இஸ் அஃப்ரெய்ட் ஃபோர் ஹிஸ் ஃபாதர்’ என்று எழுதினால், வாசிக்கிறவர் விளங்கிக்கொள்வது வேறு. வாப்பாவுக்கு ஏதும் நடந்துவிடுமோ என்று மகன் பயப்படுகிறான், அவருடைய உயிருக்காகத் தவிக்கிறான் என்று அர்த்தமாகிவிடும். ஏசுகிற வாப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கிற வாப்பாவாக மாறிவிட்டார். ‘எங்ரி ஃபோர் ஹிம்’ என்றாலும் அப்படித்தான். அவனோடு கோபம் என்பது போய், அவனுக்கு நடந்த அநியாயத்துக்காக அவன் சார்பில் கோபம் என்று ஆகும்.

‘குட்’டை எடுத்தால் இன்னும் விளங்கும். ‘குட் அட்’ என்றால் அதில் திறமை. ‘குட் ஃபோர்’ என்றால் அதற்கு நல்லது, பப்பாசி உடம்புக்கு நல்லது என்பது போல. ‘குட் டு’ என்றால் ஒருவரிடம் நல்லபடி நடப்பது. ‘குட் வித்’ என்றால் பிள்ளைகளையோ கருவிகளையோ கையாளத் தெரிந்தவர். ஒரே சொல், பின்னால் வருகிற சின்னச் சொல் மாறினால் ஆளே மாறிவிடுகிறார். நம் பிள்ளை நாளைக்கு ஒரு நேர்முகப் பரீட்சையில் தன்னைப் பற்றி ‘குட் ஃபோர் சில்ட்ரன்’ என்று சொன்னால், பிள்ளைகளோடு பழகத் தெரிந்தவள் என்று அவள் நினைத்துச் சொல்வாள், பிள்ளைகளுக்கு நல்ல சாப்பாடு மாதிரி அவர்களுக்குக் கேட்கும்.

ஆகவே திருத்தத்தான் வேண்டும். திருத்துவதும் பகிடி பண்ணுவதும் ஒன்று என்று நினைப்பதுதான் எங்கள் சண்டை.

பகிடி பண்ணுகிறவர்களுக்கு ஆங்கிலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் நினைக்கிற அளவுக்கு அந்த மொழி ஒழுங்கான மொழி இல்லை. தவணை ரிப்போட்டில் நாங்களே ‘வீக் இன் மெத்ஸ்’ என்று எழுதி அனுப்புகிறோம். அது சரி. ‘இன்டரெஸ்டட் இன் மெத்ஸ்’ சரி. ‘டூயிங் வெல் இன் மெத்ஸ்’ சரி. ஆனால் ‘குட் இன் மெத்ஸ்’ என்று எழுதினால் வட்டம் போடுகிறோம். கணக்கில் பலவீனமானவனுக்கு ‘இன்’, கெட்டிக்காரனுக்கு ‘அட்’. ஒரு பிள்ளை எழும்பி ஏன் சேர் என்று கேட்டால் நாங்கள் என்ன நியாயம் சொல்வது? அமெரிக்காவில் ‘குட் இன் மெத்’ என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் ஆளோடு கோபத்துக்கு ‘எங்ரி அட்’ என்பதும் சாதாரணம். எங்கள் பாடப் புத்தகம் பிரித்தானிய வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு போகிறது, பரீட்சையிலும் அதுதான் பத்திரம். அதற்காகத்தான் ‘குட் அட்’, ‘எங்ரி வித்’ என்று படிப்பிக்கிறோம். வானத்திலிருந்து இறங்கிய நியாயம் என்று அல்ல.

‘ஒவ்’ என்ற சொல்லின் கதை இதைவிடச் சுவையானது. இன்றைக்கு ‘ஒவ்’ என்றும் ‘ஒஃப்’ என்றும் இரண்டாக இருக்கிற சொற்கள் பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல். ‘விலகி’, ‘இலிருந்து’ என்பதுதான் அதன் பழைய பொருள். பயத்தைச் சொல்லும்போது ‘இலிருந்து’ என்ற சொல்லைத் தேடிப் போனது எங்கள் பிள்ளை மட்டும் இல்லை என்று இதிலிருந்து தெரிகிறது. காலப்போக்கில் ‘ஒவ்’ தன் பழைய பொருளைத் தேய்த்துக்கொண்டது, ‘ஃப்ரொம்’ அந்த இடத்தைப் பிடித்தது, ‘அஃப்ரெய்ட் ஒவ்’ மட்டும் பழைய கூட்டிலேயே நின்றுவிட்டது. அவள் சிந்தித்த திசை பிழையில்லை, வந்த காலம்தான் பிந்திவிட்டது.

அன்று சிரிப்புப் படம் போட்ட ஒரு சகோதரர், போன மாதம் பல்கலைக்கழகம் தெரிவான பிள்ளைகளை வாழ்த்தி அதே குழுவில் ‘வீ ஆர் ப்ரவுட் ஒன் யூ’ என்று எழுதியிருந்தார். ‘ப்ரவுட் ஒவ்’ என்று வந்திருக்க வேண்டும். நாங்கள் அதற்குச் சிரிக்கவில்லை. சிரிக்கவும் மாட்டோம், ஏனென்றால் அவருடைய மகிழ்ச்சி எங்களுக்கு விளங்கியது. அவர் தமிழில் பேசும்போது ‘உங்கள் மேல்’ என்று மனதில் ஓடியிருக்கும். எங்கள் ஆசிரியர் அறையிலும் கதை இதுதான். ‘ஐ ஆம் நொட் எங்ரி ஒன் யூ’ என்று வருடக்கணக்காகப் பிள்ளைகளிடம் சொன்னவர்கள் எங்களுக்குள்ளேயே இருக்கிறோம். பிள்ளை அதை எங்கே படித்தது என்று வெளியில் தேட வேண்டியதில்லை.

தெற்கில் பல்கலைக்கழக மாணவர்கள் ஆங்கிலத்துக்கு ‘கடுவ’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வாள் என்று அர்த்தம். தெரிந்தவன் தெரியாதவனை வெட்டுகிற ஆயுதம். நம் ஊரில் அந்தப் பெயர் இல்லை. ஆனால் தானே சரியாகப் பிடிக்கத் தெரியாத வாளைத் தூக்கிக்கொண்டு பதினான்கு வயதுப் பிள்ளையைத் துரத்துகிற வேலை மட்டும் நடக்கிறது.

சரி, இனி என்ன செய்யப் போகிறோம் என்று சொல்கிறோம். பெற்றோர்களும் வீட்டில் கவனித்தால் உதவியாக இருக்கும்.

முதலாவது, அகராதி. நம் பிள்ளைகளின் பையில் இருக்கிற சின்ன ஆங்கில–தமிழ் அகராதியில் ‘அஃப்ரெய்ட்’ என்று தேடினால் ‘பயந்த’ என்று மட்டும் இருக்கும். எந்தச் சின்னச் சொல்லோடு வரும் என்று இருக்காது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு அது தேவையுமில்லை. இந்தக் குறையை முதலில் பெரிதாக எடுத்தவர்களில் ஒருவர் ஏ. எஸ். ஹோர்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் படிப்பித்த இங்கிலாந்துக்காரர். ஜப்பானியப் பிள்ளைகளுக்குச் சொல்லின் அர்த்தம் தெரிந்தும் வசனத்தில் வைக்கத் தெரியவில்லை என்று கண்டு, எந்தச் சொல் எதனோடு எப்படி வரும் என்று காட்டுகிற அகராதி ஒன்றைத் தன் தோழர்களோடு சேர்ந்து செய்தார். 1942இல் டோக்கியோவில் வந்த அந்த அகராதியை 1948இல் ஒக்ஸ்போர்ட் மறுபடி வெளியிட்டது. இன்று ஒக்ஸ்போர்ட்டின் பெரிய மாணவர் அகராதியாக இருப்பது அதன் வழியில் வந்ததுதான். அதில் ‘அஃப்ரெய்ட்’டைத் தேடினால் ‘ஒவ்’வும் பக்கத்திலேயே இருக்கும், எடுத்துக்காட்டு வசனமும் இருக்கும். அந்த அகராதியை வாங்க வசதியில்லாவிட்டால் ஃபோனில் இலவசமாகவே பார்க்கலாம். பிள்ளையின் கையில் ஃபோனைக் கொடுக்கிற அரை மணித்தியாலத்தில் இரண்டு நிமிடம் இதற்குப் போகட்டும்.

இரண்டாவது, கொப்பி. இனிப் புதிய பெயரடையை எங்கள் பிள்ளைகள் தனியே எழுதமாட்டார்கள். ‘அஃப்ரெய்ட்’ என்று எழுதி அருகே அர்த்தம் எழுதுகிற பழக்கத்தை நிறுத்துகிறோம். ‘அஃப்ரெய்ட் ஒவ்’ என்று சேர்த்து எழுதி, கீழே தன் வீட்டைப் பற்றிய உண்மையான வசனம் ஒன்று. மூத்தம்மாவும் நாயும் வரட்டும், அதுதான் மறக்காது. வாரத்துக்கு மூன்று போதும். வாயால் சொல்லும்போதும் இடையில் மூச்சு விடாமல் ஒரே சொல்லாக, ‘அஃப்ரெய்டொவ்’, ‘குடெட்’, ‘எங்ரிவித்’. ஆங்கிலம் பேசுகிறவர்களும் அப்படிச் சேர்த்துத்தான் சொல்கிறார்கள். பின்னால் வினை வந்தால் அதில் ‘இங்’ ஒட்டும் என்பதும் இதோடு வந்துவிடும். ‘குட் அட் ட்ரோவிங்’, ‘அஃப்ரெய்ட் ஒவ் ஃபோலிங்’. ‘குட் அட் ட்ரோ’ என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்குக் கூட்டு இன்னும் பழகவில்லை என்று கண்டுபிடித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, தமிழைக் கொண்டே திருத்துவது. தாய்மொழியை மறந்துவிட்டு யோசி என்று பிள்ளைக்குச் சொல்வதில் பயனில்லை, மறக்க முடியாது. அதற்குள்ளேயே உதவுகிற வழி இருக்கிறதா என்று பார்க்கலாம். நம் ஊரில் “அவன்மேல் கோபம்” என்பது எழுத்துத் தமிழ். வாயால் பேசும்போது பிள்ளைகள் என்ன சொல்வார்கள்? “நான் அவளோட கோவம்.” கதைக்கமாட்டேன் என்று அர்த்தம். அந்த ‘ஓட’தான் ஆங்கிலத்தின் ‘வித்’. இதை வகுப்பில் சொன்ன அன்று பின்வாங்கு முழுக்கச் சிரித்தது, இது நல்ல சிரிப்பு. அதற்குப் பிறகு எழுதின கொப்பிகளில் ‘எங்ரி ஒன்’ மிகவும் குறைந்துவிட்டது. எல்லாச் சொல்லுக்கும் இப்படிப் பாலம் கிடைக்காது. ‘குட் அட்’டுக்கு நாங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். யாருக்காவது தோன்றினால் கீழே எழுதுங்கள். கோபம் ஒரு விஷயத்தைப் பற்றியது என்றால் ‘வித்’ வராது, ‘எபவுட்’ வரும் என்பதையும் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். நானாவோடு கோபம் ‘வித்’, அவன் தொலைத்த சைக்கிளைப் பற்றிக் கோபம் ‘எபவுட்’.

திருத்துகிற விதம் பற்றியும் ஒன்று. பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே விழுந்து திருத்த வேண்டாம். வீட்டில் மகள் ‘எங்ரி ஒன் மீ’ என்று சொன்னால், “ஓ, ஹூ இஸ் எங்ரி வித் யூ?” என்று திருப்பிக் கேளுங்கள். அவள் அடுத்த தடவை தானே மாற்றிக்கொள்வாள். முதல் தடவையே மாற்றாவிட்டாலும் பரவாயில்லை, பத்தாவது தடவை மாற்றுவாள். உங்களுக்கு ஆங்கிலம் வராது என்றால் தமிழில் கேளுங்கள், “இதுக்குப் பின்னால என்ன சொல் வரும், கொப்பியப் பாத்துச் சொல்லு” என்று. அதுவே போதும்.

அந்தப் பிள்ளையோடு திங்கட்கிழமை மறுபடி உட்கார்ந்தோம். அவளுடைய கொப்பியில் இருந்த அந்த மூன்று வசனத்துக்கும் பக்கத்தில் தமிழ், அரபு, சிங்களம் மூன்றையும் எழுதிக் காட்டினோம். சிங்கள வசனத்தைப் பார்த்ததும், “அப்ப அவங்க கோபத்துல தப்பிச்சிட்டாங்க” என்றாள். ஒரு கிழமைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் பகிடி. போட்டிக்குப் பெயர் கொடுக்கிறாயா என்று கேட்டதற்கு, யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள். பட்டியல் அடுத்த வியாழக்கிழமை மூடப்படும்.

அதற்கு முன்னால் அந்த வீடியோ எங்கள் ஊர்க் குழுக்களில் இருக்கக்கூடாது. பகிர்ந்தவர்களுக்கு யார் யார் என்று தெரியும், நாங்கள் பெயர் சொல்லப்போவதில்லை. ஃபோனில் வைத்திருப்பவர்கள் அழித்துவிடுங்கள். குழுக்களின் அட்மின்மார் மேலே போய்த் தேடி எடுத்து அழியுங்கள். அவளுடைய மூத்தம்மாவிடமும் அதை யாரோ காட்டியிருக்கிறார்கள். அவர் கேட்ட கேள்வி எங்களுக்குச் சொல்லப்பட்டது: “எனக்கு நாய்க்குப் பயம்தானே, அத சொன்னதுக்கு ஏன் சிரிக்காங்க?”

அவருக்கு என்ன பதில் சொல்வது என்று சிரித்தவர்களே சொல்லட்டும்.